ரய்யானுக்கு நாளை தடுப்பூசி

மேலக்கரைத் துணை சுகாதார நிலையத்தின் குறுஞ்செய்தித் திட்டத்தில் சொன்ன சொல் தட்டாத ஆள் யாரென்று கேட்டால், கிராம நர்ஸ் ரஞ்சனி யோசிக்காமல் நஸ்ருல்லாவின் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். அவன் கர்ப்பிணியும் இல்லை, ஊரிலும் இல்லை. துபாயில் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டுகிறவன்.

திட்டம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பெண் கர்ப்பமானதும் ரஞ்சனி அவள் பெயரையும் கடைசியாகத் தூரமான தேதியையும் ஒரு செல்போன் எண்ணையும் டேப்லெட்டில் பதிவாள். அதற்குப் பிறகு பரிசோதனை, ரண ஜன்னி ஊசி, ஸ்கேன், சர்க்கரைத் தண்ணீர் குடித்து ரத்தம் கொடுக்க வேண்டிய நாள் என்று ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் அந்த எண்ணுக்குச் செய்தி போகும். பிள்ளை பிறந்ததைப் பதிந்துவிட்டால் கர்ப்பச் செய்திகள் நின்று, தடுப்பூசிச் செய்திகள் தொடங்கும். ஊசி போட்டதாக அவள் பதியும்வரை, ‘தவறவிட்டீர்கள், அடுத்த புதன்கிழமை வாருங்கள்’ என்று இன்னொன்று வரும். பெண்களில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ரீசார்ஜ் கம்பெனியின் செய்திகளோடு அதுவும் புதைந்து போகும். எப்படியும் ரஞ்சனி வெயிலில் நடந்து போய் வாயால் சொல்லத்தான் வேண்டும்.

சம்ரீனின் கர்ப்பத்தைப் பதிந்த சமயத்தில் நஸ்ருல்லா லீவில் வந்திருந்தான். மனைவியின் எண்ணை அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் குறுக்கே வந்து, “என் நம்பரப் போடுங்கக்கா. பேங்க் மெசேஜுக்காக அங்கயும் இந்த சிம்தான் வச்சிருக்கேன். இவ மறந்துருவா. நான் மேல உக்காந்து வேற என்ன பண்ணப் போறேன், ஞாபகப்படுத்துறேன்” என்றான். சிரித்துக்கொண்டே ரஞ்சனி அவன் எண்ணைப் போட்டாள். அப்படி எத்தனையோ புருஷன்மார் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்ததோடு சரி.

இவன் அப்படி இல்லை. செய்தி போன நிமிஷத்தில் அங்கிருந்து சம்ரீனுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு வந்துவிடும். மாத்திரை தீர்ந்துவிட்டதா, ஸ்கேனுக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போகாதே, ஆட்டோ பிடி, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போ. சில சமயம் ரஞ்சனியே தூக்கக் கலக்கத்தில் மறந்திருந்த தேதியை சம்ரீன் வந்து நினைவுபடுத்துவாள். மாதாந்திரக் கூட்டத்தில் ரஞ்சனி இவனை ஒரு கதைபோல எடுத்துச் சொன்னாள். கொள்ளிடக்கரையில் ஒரு பெண்ணின் வயிற்றில் நடப்பதெல்லாம் பாலைவனத்தில் ஒருவனுக்கு மணியடித்துச் சொல்லப்படுகிறது என்று. டாக்டரம்மா கைதட்டினார்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆண். ரய்யான் என்று பெயர் வைத்தார்கள். பிறந்ததும் போட வேண்டியவற்றை ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்பினார்கள். ரஞ்சனி வீட்டுக்குப் போய் எடை பார்த்தபோதெல்லாம் பிள்ளை முந்தின முறையைவிடக் கனத்திருந்தது. ஒரு மாதம் ஆனபோது, ஒரு விடியற்காலையில், பால் குடித்துத் தூங்கிய பிள்ளை எழுந்திருக்கவில்லை.

ரஞ்சனி போனபோது சம்ரீன் பிள்ளையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். விஷயத்தை ரஞ்சனி உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனில் சொன்னாள். இரண்டொரு நாளில் டாக்டரம்மா நேரில் வந்து, விவரம் கேட்டு, பால் புரையேறியது என்று எழுதிக்கொண்டு போனார். சம்ரீன் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். பால் கொடுத்தேன், முதுகைத் தட்டாமல் படுக்கப் போட்டேன். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் ஜீப் தெருமுனை திரும்பியதும், நஸ்ருல்லாவின் தாய் ஷரீபா ரஞ்சனியின் கையைப் பிடித்து வாழைக்கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஷரீபா எதற்கும் கலங்காதவள். புருஷன் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் கடை கடையாகப் பட்டாணியும் கடலையும் போட்டு மகனை வளர்த்தவள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“அவன்ட்ட சொல்லல நர்சம்மா” என்றாள். “ஜமாத்துலயும் சொல்லி வச்சிருக்கேன். பெருநாளைக்கு லீவுல வரான். வந்து என் முன்னாடி நின்னதும் நான் சொல்லிக்கிறேன். அவன் நிக்கிற இடம் அப்படி. இத காதுல கேட்டுட்டு அங்க நிக்க முடியாது.”

ரஞ்சனிக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் ஷரீபா கேட்க வந்தது வேறு.

“உங்க மெசேஜு நிக்கக் கூடாது. அவன் தேதிய எண்ணிக்கிட்டு இருக்கான். வரலன்னா ஏன் வரலன்னு கேப்பான்.”

டாக்டரின் விசாரணை முடிந்தபின், டேப்லெட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே இறப்பு என்று ரஞ்சனி பதிய வேண்டும். அதைப் பதிந்தால்தான் தடுப்பூசிப் பட்டியலிலிருந்து பெயர் விழும், செய்தி நிற்கும். பெருநாள் கிட்டத்தில்தான் இருந்தது. இடையில் ஒரே ஒரு செய்திதான் போகும், ஒன்றரை மாத ஊசிக்கு. ஒரு செய்தியில் ஒரு மனிதன் தரையிறங்கும்வரை நிம்மதியாக இருப்பான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ரஞ்சனி நினைத்தாள். டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். எடமலைப்பட்டி புதூரிலிருக்கும் தன் வீட்டுக்குப் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி நிற்கும்போது, செய்தது தர்மம்தான் என்று மனசு சொன்னது. பஸ் ஜங்ஷன் தாண்டும்போது அதே மனசு வேறு ஏதோ முணுமுணுத்தது. அதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை செய்தி போயிற்று. ‘ரய்யானுக்கு நாளை தடுப்பூசி. தாய் சேய் அட்டையுடன் மேலக்கரை துணை சுகாதார நிலையத்துக்கு வரவும்.’

புதன்கிழமை காலை வழக்கம்போல நீலக் குளிர்பெட்டி வந்தது. ஐஸ் பைகளுக்கு நடுவில் மருந்துக் குப்பிகள். தாய்மார் வாசல் வேப்பமரத்தடியில் நிற்க, அங்கன்வாடி டீச்சர் காளியாயி ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். “வரிசையா வாங்க, ஊசி தீந்துராது. தீந்தாலும் என் கையில துடைப்பக்குச்சி இருக்கு” என்று அவள் சொன்னதற்குப் பெரிய பிள்ளைகள் அழுதன, அம்மாமார் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. ரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். மரத்தடியில் பெண்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட, கறுப்புத் துப்பட்டியில் சம்ரீன் வந்துகொண்டிருந்தாள். கையில் தாய் சேய் அட்டையும் போனும் மட்டும் இருந்தன. மற்ற எல்லார் கையிலும் பிள்ளை இருந்ததால், அவள் கை வெட்டவெளி மாதிரித் தெரிந்தது. யாரும் அவளை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை.

ரஞ்சனி அவளை மருந்து அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். சம்ரீன் போனைத் திறந்து காட்டினாள். பிள்ளை இருந்த ஒரு மாதத்தில் அவள் எடுத்த படங்கள். கொட்டாவி விடுவது, தொட்டிலில் கால் உதைப்பது, குளிப்பாட்டிய ஈரத்தலை. அந்த விடியற்காலைக்குப் பிறகு, மாமியார் சொன்னபடி, நாளுக்கு ஒன்றாக அதிலிருந்து எடுத்து நஸ்ருல்லாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். துபாயில் வாட்ஸப்பில் பேச முடியாது, வேறு ஏதோ காசு கட்டுகிற வழியில்தான் பேச வேண்டும் என்பதால் அவன் எப்போதாவதுதான் பேசுவான். அப்போதெல்லாம் ஷரீபா பிள்ளை தூங்குகிறது என்று சொல்லிவிடுவாள்.

“எல்லாம் அனுப்பிட்டேன்க்கா” என்றாள் சம்ரீன். “இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல அவருக்கு. நேத்து மெசேஜப் பாத்துட்டு ஊசி போட்ட கால போட்டோ புடிச்சி அனுப்புங்கறாரு. அது என்கிட்ட இல்ல.”

அவள் அழவில்லை. இல்லாத சாமானைக் கடையில் கேட்க வந்தவள்போலத்தான் கேட்டாள். யாராவது ஒரு பிள்ளையின் கால் போதும், முகம் வேண்டாம். மாமி கேட்டு வரச் சொன்னார்கள். ஊசி போட்டதாகவும் எழுதிவிடச் சொன்னார்கள், இல்லையென்றால் தவறவிட்டதாக அவருக்குச் செய்தி போய்விடுமாம்.

ரஞ்சனிக்கு அப்போதுதான் தான் செய்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தது. ஒரு செய்திதான், போய் ஓயட்டும் என்று நினைத்தாள். அந்தச் செய்தி போய் ஓயாமல், அங்கிருந்து கையை நீட்டி, இந்தப் பெண்ணிடமே பிள்ளையைக் கேட்டிருக்கிறது. இனி போடாத ஊசியைப் போட்டதாக எழுத வேண்டும். எழுதினால் அடுத்த தவணைக்கு மறுபடி செய்தி போகும். பெருநாளுக்கு லீவு கிடைக்காவிட்டால்? இறந்த பிள்ளை டேப்லெட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும்.

“போடாததப் போட்டேன்னு நான் எழுத மாட்டேன் சம்ரீன்” என்றாள். “அத மட்டும் கேக்காத.”

“போட்டோ?”

 பதில் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சம்ரீனுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஷஹனாஸ் அங்கே தன் பெண்பிள்ளையோடு முறைக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பெற்றவர்கள். “எம்புள்ள கால எடுத்துக்க சம்ரீன்” என்றாள் ஷஹனாஸ். “கொலுச மட்டும் கழட்டிடுறேன்.”

ரஞ்சனி தடுக்கவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதும் ஏன் தடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஷஹனாஸ் கொலுசைக் கழற்றினாள். ரஞ்சனி வாயில் போலியோ சொட்டும் ரோட்டா மருந்தும் கொடுத்தாள். வலது கைத்தோளில் போலியோ ஊசி, வலது தொடையில் நிமோனியாவுக்கானது, கடைசியாக இடது தொடையில் ஐந்து நோய்க்குமான பென்டா. இது வலிக்கிற ஊசி. பிள்ளை வாயைத் திறந்து, மூச்சு வராமல் சிவந்து, பிறகு வீறிட்டது. சம்ரீன் குனிந்து, பஞ்சு வைத்த இடது காலை மட்டும் படம் பிடித்தாள். கட்டைவிரலால் ஒரு தட்டு. படம் போய்விட்டது.

பதில் உடனே வந்தது. மேலே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான் போல. சம்ரீன் குரல் பதிவை அமுக்கினாள். காற்று இரைகிற சத்தத்துக்கு நடுவில் நஸ்ருல்லா சிரித்தான்.

“மாஷா அல்லாஹ். கால் நல்லாக் கொழுத்துருச்சே. இன்னும் ரெண்டு ஊசி இருக்குன்னு அக்கா சொல்லியிருந்தாங்களே, போட்டாச்சா? ரொம்ப அழுகுறானா? அந்த சத்தத்தக் கொஞ்சம் அனுப்பு சம்ரீன். அவன் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு.”

அறையில் அந்தச் சத்தம்தான் நிறைந்திருந்தது. ஷஹனாஸ் பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டியும் அது ஓயவில்லை. சம்ரீனின் மார்பு நனைந்து துப்பட்டியில் ஈரம் பரவியது. யார் பிள்ளை என்று பாலுக்கா தெரியும். அவள் போனை வாயருகே கொண்டுபோய்ப் பதிவை அழுத்திப் பிடித்தாள். சற்று நேரம் பிள்ளையின் அழுகை மட்டும் அதற்குள் போயிற்று. ரஞ்சனி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விரலை எடுத்துவிட்டால் போதும், பெருநாள்வரை தாங்கும்.

சம்ரீன் விரலை எடுக்கவில்லை.

“மச்சான், இது ஷஹனாஸ் மக அழுகுறது” என்றாள். “நம்ம புள்ள அழுகல. பால் குடிச்சிட்டுத் தூங்குனவன் எந்திரிக்கல. மௌத்தாயிட்டான். நான் முதுகத் தட்டாமப் படுக்கப் போட்டுட்டேன்.”

விரலை எடுத்தாள். பதிவு போயிற்று. இரண்டு சாம்பல் நிறக் குறிகள் விழுந்து, கொஞ்ச நேரத்தில் நீலமாகின.

ரஞ்சனிக்கு முதலில் தோன்றியது உயரம்தான். மனக்கண்ணில் ஓர் இரும்புக் கூண்டும், அதற்குள் ஒரு மனிதனும், கீழே புள்ளி புள்ளியாய் ஆட்களும் தெரிந்தார்கள். அவள் சம்ரீனின் கையிலிருந்து போனை வாங்கினாள். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் போனே அடித்தது. வாட்ஸப் இல்லை, சாதாரண வெளிநாட்டு அழைப்பு.

“நான் ரஞ்சனி பேசுறேன் நஸ்ருல்லா.”

காற்று இரைந்தது.  அவன் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. கணக்கில் தப்பு கண்டுபிடித்தவனின் குரல்தான் இருந்தது.

“அக்கா, நேத்து மெசேஜ் வந்துச்சே.”

“வந்துச்சு.”

“ரய்யானுக்குத் தடுப்பூசின்னு பேர் போட்டு வந்துச்சே. அவ ஏதோ மனசு சரியில்லாமப் பேசுறாக்கா. ஆஸ்பத்திரியில இருந்து பேர் போட்டு வந்திருக்கு.”

பத்து மாதமாக அவனுக்கு ஒருமுறைகூடப் பொய் சொல்லாத பொருள் அந்தச் செய்தி. அதைத்தான் இப்போதும் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று ரஞ்சனிக்குப் புரிந்தது. பிடித்திருப்பதை அவிழ்க்க வேண்டியவள் அவள்தான்.

“அது நான் நிறுத்தாம விட்டதுப்பா. இறந்தத நான் பதிஞ்சிருக்கணும். பதியல. பதிஞ்சிருந்தா மெசேஜ் வந்திருக்காது. சம்ரீன் சொன்னது உண்மை. புரையேறிருச்சுன்னு டாக்டரே வந்து விசாரிச்சுட்டுச் சொன்னாங்க. தூக்கத்துலயே போயிருச்சு.”

மறுபக்கம் ஏதோ இரும்பு இரும்பில் மோதியது. “அப்ப அந்த போட்டோவெல்லாம்” என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

“நஸ்ருல்லா, நீ எங்க இருக்க?”

“மேல.”

“அங்க கூட யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல.”

“கீழ இருக்கறவங்களுக்குச் சொல்லு. வயர்லெஸ் இருக்குல்ல? ஆள் மேல வரட்டும். ஆள் வர்றவரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்காத. நான் போன வைக்க மாட்டேன்.”

அவன் வேறு பாஷையில் யாருக்கோ ஏதோ சொல்வது கேட்டது. அதன் பிறகு ரஞ்சனிதான் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பிள்ளையின் எடையைச் சொன்னாள். கடைசியாகப் பார்த்தபோது தன் விரலை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொன்னாள். முதுகைத் தட்டினாலும் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு, சம்ரீன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை அவனுக்குச் சொன்னாளா, பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றவளுக்குச் சொன்னாளா தெரியாது. காளியாயி டீச்சர் சத்தமே இல்லாமல் தாய்மாரை வெளியே நகர்த்திக் கதவைச் சாத்தினாள்.

ஒருவழியாக இன்னொரு ஆணின் குரல் போனில் கேட்டது. நஸ்ருல்லாவின் பெயர் மட்டும்தான் அதில் ரஞ்சனிக்குப் புரிந்தது. பிறகு பூட்ஸ் இரும்பு ஏணியில் உரசுகிற சத்தம், மூச்சு, மறுபடி உரசல். போன் அவன் சட்டைப்பைக்குள் இருந்திருக்க வேண்டும். ரஞ்சனி கேட்டுக்கொண்டே நின்றாள். அந்தச் சத்தம் முடிவதாக இல்லை. அவன் பூமிக்கு வருகிறானா, இல்லை பூமியைத் தாண்டி எங்கேயோ இறங்கிக்கொண்டே போகிறானா என்று இருந்தது.

சத்தம் நின்றது. நிறையப் பேர் பேசுவது கேட்டது. அப்புறம் அவன் குரல்.

“சம்ரீன்ட்ட குடுங்கக்கா.”

ரஞ்சனி போனை அவள் காதில் வைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். டேப்லெட்டை எடுத்து ரய்யானின் பெயர் இருந்த வரியைத் திறந்தாள். இறந்த தேதி, இடம், காரணம். எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும், இந்தப் பதிவை மாற்ற முடியாது, உறுதி செய்யவா என்று கேட்டது. அழுத்தினாள். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. கூட்டத்தில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

கதவு தட்டப்பட்டது. படம் போயிற்றா என்று பார்க்க ஷரீபா வந்திருந்தாள். அலமாரிக்குப் பின்னால் போனைக் காதில் வைத்தபடி தரையில் சுருண்டிருந்த மருமகளைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 

“எம்புள்ள இப்ப எங்க நிக்கிறான்?”

“கீழ இறங்கிட்டாரும்மா. தரையிலதான் இருக்காரு. கூட ஆள் இருக்காங்க.”

ஷரீபா தலையை ஆட்டினாள். ஊசி போடும் தாய்மார் உட்காரும் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். மகன் தரையில் நிற்கிறான் என்று உறுதியான பிறகுதான், அடக்கத்தன்றுகூட அழாதவள், பேரனுக்காக வாய்விட்டு அழத் தொடங்கினாள்.